மருமவனே, அந்தக் கறுப்புக் கோட்டைக் கொஞ்சம் யோசி

வாங்க மருமவனே, உக்காருங்க. பெரிய எடத்துல வேலை பாக்குத ஆளு, புது வீடு வேற கட்டுதீக, இன்னைக்கு ஒரு நாளாவது மரியாதையாப் பேசுவோம்னுதான் இருந்தேன். ஆனா நீ போனை நீட்டி அந்தப் படத்தைக் காட்டுனதும் மரியாதை தன்னால எறங்கிப் போச்சு. வெள்ளைவெளேர்னு சின்னச் சின்ன டைல்ஸ், நடுவுல கறுகறுன்னு கோடு. "மாமா, அடுப்படிச் சுவரும் இப்படித்தான் வேணும், பாத்ரூமும் இப்படித்தான் வேணும்"னு ஒத்தக் கால்ல நிக்க. படம் நல்லாத்தான் இருக்கு, யாரு இல்லைன்னா? ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அதுல அடுப்பு எங்க இருக்கு? தாளிக்கிற கரண்டி எங்க? எண்ணெய்த் தூக்கு எங்க? கண்ணாடிக் கிண்ணத்துல நாலு எலுமிச்சம்பழத்தை அடுக்கி வச்சிருக்கான், அவ்வளவுதான். அந்த வீட்டுல இன்னும் யாரும் கடுகு வெடிக்க விடல.

டைல்ஸ் எடுக்க நீங்க பட்ட பாட்டை ஊரே பாத்துச்சு. கோயில்பட்டியில பாத்தீக, திருநெல்வேலியில பாத்தீக, மதுரைக்கும் ஒரு நடை போனீக. கடைசியில எல்லாக் கடைக்காரனும் குஜராத்துல மோர்பியில இருந்துதான் சரக்கு எடுக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்தீக. அதெல்லாம் சரி. ஆனா டைல்ஸுக்கு இடையில அடைக்கிற கிரவுட்டுக்கு என்ன நிறம்னு மேஸ்திரி கேட்டதுக்கு, "ஏதாவது போடுங்கண்ணே"ன்னு சொன்னியாமே? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மேஸ்திரிமாரெல்லாம் காத்துக்கிட்டு இருப்பாக. ஏதாவதுன்னா, அவரு வண்டிப் பெட்டியில எந்த மூடை மிச்சம் கெடக்கோ அது. இப்போ டைல் ஒட்டப் போற நேரத்துல கறுப்புன்னு வந்து நிக்க.

கோடுதானே, அதுல என்ன இருக்குன்னு நெனச்சா, வா, ஒரு கணக்குப் போடுவோம். நீதான் கணக்குல புலியாச்சே. உன் அடுப்படி மேடை 12 அடி நீளம், அதுக்கு மேல 2 அடி உயரத்துக்கு டைல்ஸ். மொத்தம் 24 சதுர அடி. இதுல ரெண்டுக்கு ரெண்டு அடி டைல்ஸ் போட்டா ஆறே ஆறுதான் வேணும். ஒரு டைலுக்கு நெடுக்க ரெண்டடி, குறுக்க ரெண்டடி, ஆக நாலடிக் கோடு. ஆறுக்கும் சேத்து 24 அடி. நீ எடுத்திருக்கிறது மூணுக்கு ஆறு அங்குலம். அதே சுவருக்கு 192 வேணும். ஒண்ணுக்கு ஒம்பது அங்குலக் கோடு. பெருக்கிப் பாரு, 144 அடி வரும். உன் வீட்டு வாசல்ல இருந்து என் வீட்டுத் திண்ணை வரைக்கும் இழுக்கலாம். டைல்ஸ் சின்னதாக ஆக, கோடு கூடிக்கிட்டே போகும். கோடு கூடக் கூட, சுவரோட நிறத்தைத் தீர்மானிக்கிறது கிரவுட்டுதான். பெரிய டைல்ல கிரவுட்டு நிறம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா யாரும் கவனிக்க மாட்டாக. இந்தப் பொடி டைல்ல அது தப்பாப் போனா மொத்தச் சுவரும் தப்பாப் போகும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். கிரவுட்டு நிறத்துல ரெண்டே வழிதான். டைலோட நிறத்துலயே போட்டுக் கோட்டை மறைக்கிறது ஒண்ணு. நேர் எதிர் நிறத்துல போட்டுக் கோட்டைக் காட்டுறது இன்னொண்ணு. காட்டணும்னு முடிவு பண்ணிட்டா, நீ காட்டப் போறது டைலை இல்ல மருமவனே, மேஸ்திரியோட கையை. வெள்ளை வேட்டியில கறுப்பு நூலைப் போட்டுத் தைக்கிற மாதிரி அது. தையல் நேரா இருந்தா தையக்காரனுக்குப் பேரு. கோணலா இருந்தா வேட்டியைக் கட்டுனவனைத்தான் பாத்துச் சிரிப்பாக.

நம்ம மேஸ்திரி நல்ல மனுசன்தான், குத்தஞ்சொல்லல. காலையில வந்தா முதல்ல டீ, அப்புறம் பேப்பர், அப்புறந்தான் கரண்டி. ஆனா கறுப்புக் கோடு கேக்குதவன் அவரு ஸ்பேசர் வைக்காரா இல்லையான்னு முதல்ல பாக்கணும். அந்தச் சிலுவை மாதிரி பிளாஸ்டிக் துண்டுதான் ஸ்பேசர். மூணு மில்லிமீட்டர்னா நாலு மூலைக்கும் அதே மூணு மில்லிமீட்டர் வைக்கணும். "கண்ணளவே போதும் தம்பி, முப்பது வருச சர்வீசு"ன்னு சொன்னார்னா, ரொம்ப சந்தோசம்னு கும்பிட்டுட்டு வெள்ளை கிரவுட்டு வாங்கிரு. வெள்ளை டைல்ல வெள்ளைக் கோடு ஒரு எடத்துல ரெண்டு மில்லிமீட்டர், ஒரு எடத்துல நாலு மில்லிமீட்டர்னு ஓடுனாலும் கண்ணு மன்னிச்சிரும். கறுப்புல ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் வாசல்ல செருப்புக் கழட்டும்போதே தெரியும்.

எல்லாப் பழியையும் மேஸ்திரி தலையில போடவும் கூடாது. டைல்ஸே ஒரே அளவுல வரணும்லா? சுட்டு எடுத்த டைல் அப்படியே வந்தா, ஒண்ணுக்கொண்ணு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். சுட்டதுக்கு அப்புறம் ஓரத்தை மெஷின்ல அறுத்து ஒரே அளவுக்குக் கொண்டாந்ததுக்கு ரெக்டிஃபைடுன்னு பேரு. வெவ்வேற பெட்டியில இருந்து பத்து டைலை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தி ஓரத்தைத் தடவிப் பாரு. விரல்ல படி தட்டுச்சுன்னா அளவு சரியில்லன்னு அர்த்தம். அந்த வித்தியாசத்தை மேஸ்திரி எங்க கொண்டுபோய் ஒளிப்பாரு? கோட்டுக்குள்ளதான் ஒளிப்பாரு. கோட்டுக்குக் கறுப்பு அடிச்சா அவரு ஒளிச்சு வச்சதை நீயே வெளிச்சம் போட்டுக் காட்டிக்கிட்டு இருப்ப.

இன்னொரு விவகாரம், வெட்டுத் துண்டு. உன் பாத்ரூம்ல ஷவர் இருக்கிற சுவர் 62 அங்குல அகலம், நானே டேப்பைப் போட்டுப் பாத்தேன். நீ எடுத்த சுவர் டைல் 12 அங்குல அகலம். ஒரு மூலையில இருந்து ஆரம்பிச்சா அஞ்சு முழு டைல் போகும், அந்தக் கடைசியில ரெண்டு அங்குலத்துக்கு ஒரு நறுக்கு வரும். மேஸ்திரிக்கு அதுதான் சௌகரியம், ஒரு பக்கம் வெட்டுனா போதும். டைல் நிறத்துலயே கிரவுட்டு போட்டா அந்த நறுக்கு பக்கத்து டைலோட ஒட்டி மறைஞ்சிரும். எதிர் நிறம் போட்டா, தரையில இருந்து கூரை வரைக்கும் ரெண்டு அங்குலப் பட்டை ஒண்ணு தனியா நின்னு தினமும் உன்கூடக் குளிக்கும். அதனால நடுவுல இருந்து ஆரம்பிக்கச் சொல்லு. நடுவுல நாலு முழு டைல், ரெண்டு ஓரத்துலயும் ஏழு ஏழு அங்குலம். வெட்டு ரெட்டிப்பாகும், மேஸ்திரி முணுமுணுப்பாரு, ஒரு டீ சேத்து வாங்கிக் கொடுத்துரு. கோட்டைக் காட்டணும்னு ஆசைப்படுதவன் டைல் ஒட்டுறதுக்கு முன்னாலயே, சுவர்ல நூல் பிடிச்சுக் கணக்குப் போட்டு வைக்கணும். ஒட்டுனதுக்கு அப்புறம் நிறம் யோசிக்கிறவனுக்கு மறைக்கிற வழி மட்டுந்தான் பாக்கி.

சரி, மறைக்கவே செய்வோம்னு சொல்லுதியா? அதுலயும் உனக்கு நிம்மதி கெடையாது. மறைக்கிறதுன்னா வெள்ளைக்கு வெள்ளைன்னு கண்ணை மூடி வாங்குறது இல்ல. உன் பொண்டாட்டியைக் கேளு, ரவிக்கைத் துணி மேட்சிங் எடுக்க எத்தனை கடை ஏறுவான்னு. வெள்ளையிலயே நீலம் ஓடுற வெள்ளை இருக்கு, மஞ்சள் ஓடுற வெள்ளை இருக்கு. உன் பாத்ரூம் சுவர் டைல் ஐவரி. அதுக்குப் பக்கத்துல பால் வெள்ளை கிரவுட்டை வச்சா, கிரவுட்டு பளிச்சுன்னு இருக்கும், புது டைலு பழசாத் தெரியும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவுக, "பழைய வீட்டை வாங்கி வெள்ளையடிச்சியோ"ன்னு கேப்பாக. ஐவரிக்கு ஐவரி தேடு. சரியா அமையலன்னா சுவருக்கு எது ரொம்ப நெருக்கமோ அது, தரைக்கு ஒரு படி கூடுன நிறம். தரையில எப்படியும் அழுக்கு ஏறி நிறம் ஒரு படி கூடத்தான் போகுது, அதை நாமளே முந்திக்கிட்டுச் செஞ்சிருவோம்.

மார்பிள் மாதிரி வரி ஓடுற டைல் ஹால் பாத்ரூமுக்கு எடுத்திருக்கீகள்லா, அதுல நம்ம ஆளுக எல்லாரும் ஒரு காரியம் பண்ணுதாக. வரி சாம்பல் நிறத்துல இருக்கு, அதுக்கு மேட்சா சாம்பல் கிரவுட்டு போடுவோம்னு கெளம்பிருதாக. வரி எங்கயோ ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கு ஓடுது. மிச்ச எடமெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவுல சாம்பல் கோடு சதுரம் சதுரமா விழுந்தா மார்பிளும் இல்ல, டைலும் இல்ல, பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு. எது அதிகமாப் பரவி இருக்கோ அந்த நிறத்தை எடுக்கணும். மரப்பலகை மாதிரி வர்ற டைலுக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாத்து. அதுல இருக்கிற நிறங்கள்ல கறுத்த பக்கத்தை எடு. உண்மைப் பலகைக்கு நடுவுல இருட்டாத்தானே ஒரு இடுக்கு இருக்கும்?

இதெல்லாம் முதல் நாள் அழகு. எனக்கு முதல் நாள் அழகுல நம்பிக்கை கெடையாது, நானும் கல்யாணம் பண்ணவன்தான். ரெண்டு வருசம் கழிச்சு உன் கிரவுட்டு என்ன நிறத்துல இருக்கும்னு ஷேட் கார்டு சொல்லாது. அதை உன் போர் தண்ணிதான் சொல்லும். சிமெண்டு கிரவுட்டுங்கிறது சின்னச் சின்ன ஓட்டை உள்ள சரக்கு. தண்ணியைக் குடிக்கும், தண்ணிகூட என்ன வருதோ அதையும் சேத்துக் குடிக்கும். நம்ம பக்கத்துப் போர் தண்ணியில பக்கெட்டுல ஓரம் கட்டுற வெள்ளைப் படிவைப் பாத்திருக்கேல்லா? அதே உப்பு ஷவர் சுவர்லயும் தரையிலயும் காயும்போது கோட்டு மேல படியும். வெள்ளைக் கோட்டுல படிஞ்சா தெரியாது. கறுப்புக் கோட்டுல படிஞ்சா சாம்பலைத் தூவுனது மாதிரி திட்டுத் திட்டா நிக்கும். கறுப்பு அழுக்கைக் காட்டாதுன்னு உனக்கு எவன் சொன்னான்? மண்ணழுக்கைக் காட்டாதுதான். சோப்பு நுரையையும் உப்பையும் ஊருக்கே காட்டும்.

வெள்ளைக்கு எதிர்க் கஷ்டம். பாத்ரூம் தரையில வெள்ளை போட்டா, வாளி வைக்கிற எடமும் கால் வச்சு நிக்கிற எடமும் முதல்ல பழுப்பாகும், மூலை அப்படியே வெள்ளையா இருக்கும். மொத்தமும் ஒரே மாதிரி அழுக்கானாக்கூடத் தேவலை. இது பாதை போட்டுக் காட்டும். தண்ணியில இரும்பு இருந்துச்சுன்னா கேக்கவே வேண்டாம், செம்பழுப்பா ஏறி உக்காந்துக்கிடும். அதனால தரைக்கு நான் சொல்லுறது நடுத்தரச் சாம்பல், இல்லாட்டி மண்ணு நிறம். தூசி விழுந்தாலும் அந்த நிறந்தான், உப்பு காஞ்சாலும் கிட்டத்தட்ட அந்த நிறந்தான். அழுக்கு எங்க போய் நிக்குமோ அந்த நிறத்தை முதல்லயே காசு கொடுத்து வாங்கிட்டா அழுக்குக்கு வேற வேலை கெடையாது, போய் உக்காந்துக்கிட்டு இருக்கும்.

அடுப்படிக்கு வா. அங்க உப்பு இல்ல, மஞ்சப்பொடியும் எண்ணெயும். உன் ஆத்தா மீன்குழம்பு வச்சா, தெறிக்கிறது கூரையையே தொடும். வெள்ளை சிமெண்டு கிரவுட்டுல மஞ்சள் பட்டா உடனே துடைச்சாலும் ஒரு நெழல் நிக்கும். வெயில் படுற எடம்னா மஞ்சக்கறை நாளடைவுல தானா வெளுத்துரும், உன் அடுப்படி ஜன்னலோ வடக்கே பாத்து இருக்கு. எண்ணெய் ஏறிக் கறுத்தா அதுவும் போகாது. இங்கதான் எபாக்ஸி கிரவுட்டுக்கு வேலை. அது சிமெண்டு இல்ல, பிசின்ல கெட்டிப்படுறது. ஓட்டை கெடையாது, தண்ணி குடிக்காது, எண்ணெய் குடிக்காது, துடைச்சா வந்துரும். விலை சிமெண்டு கிரவுட்டை மாதிரி பல மடங்கு. பூசுறதும் கஷ்டம். கலந்துட்டா கொஞ்ச நேரத்துல இறுகிரும், டைல் மேல படிஞ்ச பிசுக்கைச் சூட்டோட சூடா துடைக்கலன்னா அப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும். எபாக்ஸி பூசிப் பழக்கம் இல்லாத கையில கொடுத்தா, மொத்தச் சுவரும் வழவழன்னு ஒரு படலத்தோட நிக்கும். வெள்ளை எபாக்ஸி வெயில் படுற எடத்துல நாள்பட மஞ்சளிக்கவும் செய்யும். அதையும் தெரிஞ்சுக்கிட்டு வாங்கு.

நம்ம ஊர்ல மூணாவது ஒரு வழி உண்டு. அதைச் சொல்லலைன்னா மேஸ்திரி கோவிச்சுக்கிடுவாரு. வெள்ளை சிமெண்டுல கலர் பொடியைக் குலுக்கிப் போட்டுக் கலந்து தேய்க்கிறது. காசு மிச்சம், கையில கலக்குறதால நேத்துக் கலந்ததுக்கும் இன்னைக்குக் கலந்ததுக்கும் நிறம் ஒண்ணா வராது. காஞ்சதும் மாவா உதிரும், மயிரளவு விரிசல் விடும். கறுப்புப் பொடி போட்டுக் கறுப்பு வரும்னு நம்பாத, எருமை சாம்பல்ல பொரண்டது மாதிரி ஒரு நிறந்தான் வரும். லட்சக்கணக்குல டைலுக்குக் கொட்டிட்டு, அதுக்கு நடுவுல அடைக்கிறதுக்குச் சில நூறு ரூவாயை மிச்சம் பிடிச்சான்னு உன் பேரை ஊர்ல எழுதி வைக்கணும்னா செய்யி.

அடுத்து, டைல் கறை வாங்குமான்னு பாக்கணும். பளபளன்னு மேல கண்ணாடிப் பூச்சு இருக்கிற சுவர் டைல்னா பயம் இல்ல. மெருகேத்துன டைல்லயும் சொரசொரப்பான மேட் டைல்லயும் கண்ணுக்குத் தெரியாத துவாரம் இருக்கும். கறுப்பு கிரவுட்டைத் தேய்க்கும்போது அதுல கலந்த சாயம் போய் உள்ள உக்காந்துக்கிட்டா, வெள்ளை டைல் ஓரமெல்லாம் மை தொட்ட விரல் பட்டது மாதிரி ஆயிரும். காரைக்குடிப் பக்கம் செய்யுற ஆத்தங்குடி கல்லு, கண்ணாடி மேல வார்த்து எடுக்கிறது, சூளையில சுடாதது. அது தண்ணியையும் சாயத்தையும் இன்னும் சுலபமாக் குடிக்கும். பூஜை ரூமுக்கு நீ அதுல நாப்பது வாங்கி வச்சிருக்கதா கேள்விப்பட்டேன். அதுக்குக் கிட்ட எந்தக் கறுப்பு டப்பாவையும் கொண்டு போகாத.

இவ்வளவு சொன்னாலும் நீ கேக்கப் போறதில்ல, கேக்குதவன் மாதிரி தலையை ஆட்டுத. அதனால கேக்க வேண்டாம், பாரு. துண்டு டைல் பின்கட்டுல குவிஞ்சு கெடக்கு. ஒரு பழைய பிளைவுட் பலகையை எடுத்து, உண்மையில எவ்வளவு இடைவெளி விடப் போறீகளோ அதே அளவு விட்டு, ரெண்டு வரிசையா துண்டுகளை ஒட்டு. ஒரு பாதியில நீ ஆசைப்படுற கறுப்பு, இன்னொரு பாதியில இளஞ்சாம்பல், ஓரத்துல வெள்ளை. பூசித் துடைச்சுட்டு ரெண்டு மூணு நாள் காய விடு. ஈரத்துல பாத்து முடிவு பண்ணிறாத. சிமெண்டு கிரவுட்டு ஈரத்துல கறுத்துத் தெரியும், காஞ்சா ஒரு படி வெளுக்கும். காஞ்சதுக்கு அப்புறம் அந்தப் பலகையைத் தூக்கிட்டுப் போய் எந்தச் சுவருக்கு வேணுமோ அந்தச் சுவர்ல நிறுத்தி, பகல்ல ஒரு தடவை, ராத்திரி லைட்டைப் போட்டு ஒரு தடவை பாரு. மஞ்சள் பல்புக்கும் வெள்ளை லைட்டுக்கும் ஒரே ஐவரி ரெண்டு விதமாத் தெரியும். அப்புறம் அதே பலகையில ஒரு சொட்டு சாம்பாரையும் கொஞ்சம் போர் தண்ணியையும் விட்டுக் காய வச்சுப் பாரு. சாம்பார் விட்டதுக்கு உன் பொண்டாட்டி சிரிப்பா, சிரிக்கட்டும். பிற்பாடு தேய்க்கப் போறது நீங்கதானே.

வாங்கும்போது எல்லாத்தையும் ஒரே நாள்ல, ஒரே பேட்ச் நம்பர் பாத்து வாங்கு. உன் அடுப்படிச் சுவர்ல அந்த 144 அடிக் கோடு மூணு மில்லிமீட்டர் அகலம், எட்டு மில்லிமீட்டர் ஆழம்னு வச்சுக்கிட்டா, ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியாப் பிடிக்கும். சேதாரத்தோட மூணு கிலோ வாங்கிரு. பத்தலைன்னு நடுவுல ஓடிப்போய் இன்னொரு பாக்கெட் வாங்கிட்டு வந்தா, அந்த ரெண்டாவது பேட்ச் எங்க ஆரம்பிச்சுதுன்னு சுவரே சொல்லும். மிஞ்சுனதைக் காத்துப் புகாத டப்பாவுல போட்டு, மேல நிறத்தோட பேரை எழுதி வை. அஞ்சு வருசம் கழிச்சு பிளம்பர் வந்து சுவரைத் தோண்டுவாரு, வராம இருக்க மாட்டாரு.

பூசுற அன்னைக்கு நீ பக்கத்துல நிக்கணும். தண்ணி எவ்வளவு ஊத்தணும்னு பாக்கெட்டுல போட்டிருக்கும். கையாள் பையன் கொழகொழன்னு கலந்தா தேய்க்க லேசா இருக்குன்னு கூடக் கொஞ்சம் ஊத்துவான். ஊத்துனா நிறம் வெளுக்கும், திட்டுத் திட்டா வரும், காஞ்ச பெறகு மேல வெள்ளையா உப்பு பூக்கும். அடர் நிறத்துல அது பளிச்சுன்னு தெரியும். துடைக்கும்போதும் அதே கதைதான். ஸ்பாஞ்சை நல்லாப் பிழிஞ்சு, கோட்டுக்குக் குறுக்க சாய்வா இழுக்கணும். சொட்டச் சொட்ட தண்ணியோட கோட்டு வழியாவே இழுத்தா சாயம் கழுவிக்கிட்டுப் போயிரும், கோடும் குழிஞ்சிரும். டைல் ஒட்டி ஒரு நாள் முழுசாக் காயாம கிரவுட்டுப் பக்கமே போக விடாத. அடியில இருக்கிற ஈரம் மேல வந்து நிறத்தைக் கெடுக்கும்.

சுவரும் தரையும் சேர்ற மூலை, அடுப்பு மேடைக் கல்லும் சுவரும் சேர்ற மூலை, இந்த ரெண்டு எடத்துலயும் கிரவுட்டு வேண்டாம். அங்க கட்டடம் லேசா அசையும், கிரவுட்டு வெடிக்கும், வெடிச்ச எடத்துல கறுப்பா பூஞ்சை ஏறும். அந்த மூலைக்கு சிலிகான்தான் சரி, அதுவும் கிரவுட்டு நிறத்துலயே கெடைக்கும். கடையில கேட்டா வெள்ளை டியூபைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவாக. சாம்பல் கிரவுட்டுக்கு வெள்ளை சிலிகானைப் போட்டு மூலையில வெள்ளை வரி இழுத்து வச்சிருக்கிற வீடு நம்ம தெருவுலயே உண்டு, பேரு சொல்ல மாட்டேன், பக்கத்து வீடு.

அப்புறம் ஆசிட். அந்தப் பாட்டிலை வாங்குனா பாத்ரூம் வாசல்லயே வச்சு ஒடச்சுரு. சிமெண்டு கிரவுட்டை அது அரிக்கும், சாயத்தைத் தின்னும். ஒரு மாசம் ஊத்துனா நீ காட்ட நெனச்ச கறுப்பும் இருக்காது, மறைக்க நெனச்ச ஐவரியும் இருக்காது. வேலைக்கு வர்ற அம்மாகிட்ட இதை நீ நேராச் சொல்லு, உன் பொண்டாட்டி சொன்னா சண்டைதான் வரும்.

முகம் வாடுதே. சரி, உன் ஆசையை நான் முழுசாக் கெடுக்கல. அந்த வெள்ளைப் பொடி டைல் நியூயார்க்குல 1904ல பாதாள ரயில் ஓட ஆரம்பிச்ச காலத்துல ஸ்டேஷன் சுவர்ல ஒட்டுனது, மூணுக்கு ஆறு அங்குலம், அதே அளவுதான் உன்னோடதும். அங்க கோடு மெல்லிசாத்தான் இருந்துச்சு. கறுகறுன்னு தடிமனாக் கோடு இழுக்கிறது பின்னால வந்த நாகரிகம். உனக்குக் கோடு தெரியத்தான் வேணும்னா அடுப்படிச் சுவர்ல மட்டும் வச்சுக்கோ. அங்க தண்ணி நிக்காது, ஆள் மிதிக்காது. கறுப்பு வேண்டாம், நடுத்தரச் சாம்பல், எபாக்ஸியில, ரெண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் வச்சு. கோடு நல்லாத் தெரியும், மேஸ்திரி கை அரை மில்லிமீட்டர் நடுங்குனாலும் கத்திச் சொல்லாது. பாத்ரூம் சுவருக்கு ஐவரிக்கு ஐவரி, தரைக்கு மண்ணு நிறம், அதுல பேச்சுக்கு எடமே இல்ல.

மேஸ்திரி வியாழக்கெழமை டைல் ஒட்ட வாராரு. பலகை காய மூணு நாள் வேணும். போனை உள்ள வச்சுட்டு, போய் அந்தத் துண்டு டைலை எடுத்து ஒட்டுற வழியைப் பாரு.